பழுப்புப் பைக்குள் இருப்பது என்ன?

மளிகைக் கடை அலமாரியில் முறுக்கும் மிக்சரும் இப்போது பழுப்பு நிற காகிதப் பைகளில் வந்து நிற்கின்றன. மேலே ஜிப், நடுவில் சின்ன ஜன்னல், ஓரத்தில் ஒரு பச்சை இலை. இலைக்குக் கீழே ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த பை’ என்று ஒரு வரி. காலிப் பை ஒன்றை எடுத்து ஓரத்தில் கிழித்துப் பாருங்கள். காகிதம் கிழிந்துவிடும், அதன் உள்ளே ஒட்டியிருக்கும் படலம் கிழியாமல் இழுபடும். அதுதான் பிளாஸ்டிக்.

அந்தப் படலம் இருப்பதில் தப்பில்லை. முறுக்கில் எண்ணெய் உண்டு. வெறும் காகிதத்தில் கட்டினால் எண்ணெய் ஊறி வெளியே வரும், காற்றின் ஈரம் உள்ளே போகும், சில நாட்களில் முறுக்கு நமத்துச் சிக்கு வாடை அடிக்கும். மாதக்கணக்கில் கடையில் இருக்க வேண்டிய பண்டத்துக்குத் தடுப்புப் படலம் தேவை. தப்பு அந்த வரியில் இருக்கிறது. இந்தியப் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக்கும் வேறு பொருளும் அடுக்கடுக்காக ஒட்டிய இந்தப் பை ‘பல அடுக்கு பிளாஸ்டிக் உறை’. வாங்குபவர் காகிதம் என்று நினைக்கிறார், சட்டம் அதைப் பிளாஸ்டிக் கணக்கில் வைத்திருக்கிறது.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பசுமை, தூய்மை, சூழலுக்கு உகந்தது போன்ற பொதுச் சொற்களை, கூடவே விளக்கமும் அதற்கான ஆதாரமும் இல்லாமல் போடக்கூடாது என்பது அதன் சாரம். சொல்வது முழுப் பொருளைப் பற்றியா, அதன் ஒரு பகுதியையா, உறையை மட்டுமா என்பதும் தெரிய வேண்டும். பச்சை நிறம் பூசியதற்காகவே யாரும் பிடித்துவிட மாட்டார்கள். ஏமாற்றாத பொதுவான வண்ணங்களுக்கும் படங்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் படமும் சின்னமும் சேர்ந்து தவறான எண்ணத்தை உண்டாக்கினால் அதுவும் கணக்கில் வரும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

அப்படியானால் முறுக்குக்காரர் என்னதான் எழுதுவது? முதலில் தராசை எடுக்க வேண்டும். கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 200 கிராம் முறுக்குக்கு முன்பு அவர் பயன்படுத்திய பை முழுக்கப் பிளாஸ்டிக், எடை 7 கிராம். புதுப் பையின் எடை 10 கிராம். அதில் காகிதம் 6, பிளாஸ்டிக் 4. பிளாஸ்டிக் 7 கிராமிலிருந்து 4 ஆகக் குறைந்திருக்கிறது, அதாவது ஏறக்குறைய 43 சதவீதம். இது சொல்லிக்கொள்ளத் தகுந்த விஷயம்தான். ஆனால் பையின் மொத்த எடை கூடியிருக்கிறது. புதுப் பையில் இன்னும் நாற்பது சதவீதம் பிளாஸ்டிக்தான். ‘குறைவான உறை’ என்று எழுதினால் பொய். ‘காகிதப் பை’ என்று மட்டும் எழுதினாலும் வாங்குபவர் ஏமாறுவார். நான் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: ‘எங்கள் பழைய 200 கிராம் பையைவிட இந்தப் பையில் பிளாஸ்டிக் 43 சதவீதம் குறைவு. உள்படலம் பிளாஸ்டிக், காகிதக் கழிவோடு சேர்க்க வேண்டாம்.’ முதல் வாக்கியம் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியத்தை எந்த விற்பனைப் பிரிவும் விரும்பாது. புகார் வராமல் காப்பது அதுதான்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பை மாறும்போதே பல நிறுவனங்கள் அளவையும் குறைத்துவிடுகின்றன. நம் முறுக்குக்காரர் அதே பையில் 150 கிராம் மட்டும் போட்டால் கணக்கு மாறிவிடும். முன்பு நூறு கிராம் முறுக்குக்கு மூன்றரை கிராம் பிளாஸ்டிக். இப்போது சுமார் 2.7 கிராம். குறைவு 24 சதவீதம்தான். பையோடு பையை ஒப்பிட்டு 43 என்று போட்டால், எண் சரியாக இருந்தும் வாங்குபவருக்குத் தவறான செய்தி போகும்.

‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்ற சொல்லுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. முக்கோண அம்புகளுக்குள் இருக்கும் எண் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்வது. 5 என்றால் பாலிப்ரோப்பிலீன், 7 என்றால் மற்றவை. அதைப் பார்த்து மறுசுழற்சி ஆகும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆய்வகத்தில் பிரித்தெடுக்க முடிகிறதா என்பது இங்கே கேள்வி இல்லை, நம் ஊரில் யாராவது வாங்கிக்கொள்கிறார்களா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைய வழிகாட்டுதலில், பொருள் விற்கும் பகுதியில் குறைந்தது 60 சதவீத நுகர்வோருக்கு அதைச் சேகரிக்கும் வசதி இருந்தால்தான் நிபந்தனையில்லாமல் இந்தச் சொல்லைப் போடலாம். நம் ஊரில் காயலான் கடையில் கேட்டுப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். பெட் பாட்டிலுக்கு விலை சொல்வார்கள். காகிதமும் படலமும் ஒட்டிய பையைக் கையில்கூட வாங்க மாட்டார்கள்.

‘மக்கும்’ என்ற சொல்லும் அப்படித்தான். உரமாகும் பிளாஸ்டிக்குக்கான தரச்சோதனை, சுமார் 58 டிகிரி வெப்பம் நிலவும் தொழில்முறை உரக்கூடத்தை மனதில் வைத்துச் செய்யப்படுவது. ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைந்தாக வேண்டும். வீட்டு மொட்டை மாடித் தொட்டி அந்த வெப்பத்தில் மாதக்கணக்கில் இருப்பதில்லை. எனவே ‘தொழில்முறை உரக்கூடத்தில் மக்கும், வீட்டுத் தொட்டியில் மக்காது’ என்று சொல்வதே முறை. அதை விற்பதற்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் வேண்டும்.

முன்பக்கம் பெரிதாக ஒன்று, பின்பக்கம் பொடி எழுத்தில் வேறொன்று என்ற தந்திரத்தின் விலையை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். அங்கே ‘கிளாட்’ குப்பைப் பைகளில் ‘50 சதவீதம் கடல் பிளாஸ்டிக்’ என்று அச்சிட்டு, அலைகள் படத்தோடு விற்றார்கள். கடலிலிருந்து எடுத்ததாகவே யாரும் நினைப்பார்கள். உண்மையில் அந்தப் பிளாஸ்டிக், இந்தோனேசியாவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர் வரை உள்ள ஊர்களில் சேகரித்தது. பையின் பின்புறம் ‘கடலை நோக்கிச் செல்லும் பிளாஸ்டிக்’ என்ற விளக்கமும் இருந்தது. அது போதவில்லை. 2025-ல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் க்ளோராக்ஸ் ஆஸ்திரேலியா நிறுவனத்துக்கு 82.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக் என்பது பொய்யில்லை. எங்கிருந்து வந்தது என்பதுதான் பொய். நம் நெறிமுறைகளும் விளக்கம் முன்பக்க வாசகத்துக்கு முரணாக இருக்கக்கூடாது என்கின்றன. கியூஆர் குறியீட்டில் ஆதாரத்தை வைக்கலாம். முன்பக்கத்தில் சொன்னதை அங்கே போய் மறுக்க முடியாது.

கடைசியாக, அச்சகத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை. பை சப்ளையரிடம் எந்த அடுக்கு, எத்தனை கிராம் என்று எழுத்தில் வாங்கி, பை எடைபோட்ட தேதியோடு கோப்பில் வைக்க வேண்டும். படலத்தின் விலை ஏறினால் சப்ளையர் சத்தமில்லாமல் அடுக்கை மாற்றிவிடுவது உண்டு. அச்சு உருளை செய்ததற்குப் பெரிய தொகை போயிருப்பதால் பையின் வாசகம் மட்டும் பழையபடியே நிற்கும். அதனால் சதவீதத்தை உருளையில் செதுக்காமல் ஸ்டிக்கராக ஒட்டுவது நல்லது. புது லோடு இறங்கும்போதெல்லாம் பத்துப் பையை எடுத்து எடைபோட்டு, கணக்கு மாறியிருந்தால் ஸ்டிக்கரை மாற்றிவிடலாம்.