காபி டப்பாவுக்குள் எறும்பு வருவது எப்படி?

கத்தி முனையால் நெம்பினால்தான் மூடி திறக்கும். அவ்வளவு இறுக்கமான எவர்சில்வர் டப்பாவிலும் காலையில் பார்த்தால் காபித்தூளில் எறும்பு ஊர்கிறது. பல வீடுகளில் இது வாடிக்கை. இறுக்கமாக இருக்கும் மூடியெல்லாம் இடைவெளி இல்லாத மூடி என்று எண்ணிவிடுவதுதான் இதற்குக் காரணம்.

உலோக டப்பாவின் வாயும் மூடியும் முழு வட்டமாக இருப்பதில்லை. ஒரு முறை கீழே விழுந்தால் விளிம்பு இன்னும் கோணிவிடும். மூடி இரண்டு மூன்று இடங்களில் கவ்விப் பிடிக்கும். மற்ற இடங்களில் மெல்லிய இடைவெளி இருக்கும். சமையலறையில் திரியும் சிற்றெறும்பின் நீளமே சுமார் 2 மில்லிமீட்டர்தான். அதன் உடல் அகலத்துக்கு அந்த இடைவெளி தாராளம். திருகு மூடி போட்ட பாட்டிலிலும் இதே கதைதான். உள்ளே அட்டையோ ரப்பரோ இல்லாவிட்டால், எறும்பு மரையின் வழியாகவே சுற்றிச் சுற்றி ஏறி உள்ளே போய்விடும்.

உண்மையில் எறும்பைக் கூப்பிடுவது காபி அல்ல. வறுபடும்போது காபிக் கொட்டையின் சர்க்கரை பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. சிக்கரியில் இனிப்பு ஓரளவு மிஞ்சும். கடையில் வாங்கும் கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைவிடப் பெரிய வழி நாம் திறந்து விடுவது: சர்க்கரை அள்ளிய ஸ்பூனையே காபித்தூளிலும் விடுகிறோம். ஒட்டியிருக்கும் நாலு சர்க்கரைப் பரலே ஒரு வரிசை எறும்பை வரவழைக்கப் போதும். காபிக்கென்று தனி ஸ்பூன் வைப்பது பாதித் தொல்லையைக் குறைக்கும்.

மீதிப் பாதியைத் தடுப்பது ரப்பர் வளையம். குக்கர் மூடிக்கு காஸ்கெட் போல, மூடியின் உள்ளே ரப்பரோ சிலிக்கானோ பதிந்த டப்பாதான் உண்மையிலேயே அடைபடுகிறது. கம்பிக் கொக்கி போட்ட கண்ணாடி ஜாடியும், நான்கு பக்கமும் கிளிப் வைத்த டப்பாவும் இந்த வகை. சோதித்துப் பார்ப்பது எளிது. காலி டப்பாவை மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் தலைகீழாக அமுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும். அடைப்பில் ஓட்டை இருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழி வரும். குமிழி வராத டப்பாவில் எறும்பு நுழையாது.

நல்ல டப்பாவும் சில வாரங்களில் ஏமாற்றக்கூடும். ஸ்பூனிலிருந்து சிந்தும் பொடி விளிம்பிலும் வளையத்தின் பள்ளத்திலும் படிகிறது. அந்தப் பொடியின் மேல் மூடியை அழுத்தினால் வளையம் முழுதாகப் படியாது. மூடும் முன் உலர்ந்த துணியால் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்துவிட வேண்டும். ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விட்டால் மாற்றியாக வேண்டும்.

டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவது பழைய முறை. அது வேலை செய்யும், ஆனால் அரைகுறையாக. தண்ணீர்மேல் தூசி படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்தே கடக்கும். ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து எறும்பு மூழ்கிவிடும். தட்டு நீரை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். எறும்பு சாக்பீஸ் பூச்சிக்கொல்லி கலந்தது. காபி டப்பா வைக்கும் அலமாரியில் அதைக் கோடு போடக்கூடாது.

வண்டு விஷயம் வேறு. மிளகாய், மஞ்சள், மல்லியில் வரும் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளச் செம்பழுப்புச் சிகரெட் வண்டு, காகித உறையையும் மெல்லிய பிளாஸ்டிக்கையும் துளைக்கக்கூடியது. பாக்கெட்டின் வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவதோ, ஜிப் கவரில் இடுவதோ இதனிடம் செல்லாது. பாக்கெட்டில் ஊசி முனை அளவு வட்டத் துளை தெரிந்தால் பக்கத்து மசாலா டப்பாக்களையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும். கண்ணாடியையும் கனமான உலோகத்தையும் வண்டால் துளைக்க முடியாது.

ஆனால் முட்டை தூளோடு கடையிலிருந்தே வந்திருந்தால், எவ்வளவு நல்ல டப்பாவும் அதை உள்ளேயே பாதுகாத்து வளர்க்கும். சந்தேகமான பாக்கெட்டைப் பிரிக்காமல், காற்றுப் புகாத இன்னொரு உறையில் போட்டு, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். எடுத்ததும் திறக்கக்கூடாது; அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால்தான் தூளில் ஈரம் கோக்காது.

ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி, பதினைந்து நாளில் தீரும் அளவு தூள், தனி ஸ்பூன். வீட்டுக்கு இவை போதும். தூள் தீர்ந்ததும் ஜாடியைக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே புதுத் தூளைக் கொட்டுங்கள். அடியில் கிடக்கும் பழைய தூளின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.