மறைந்த பின்னரும் தெரியும் சூரியன்

காலிமுகத்திடலில் மாலை நேரம் நின்றவர்கள், சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொடும் கணத்தைக் கண்டிருப்பார்கள். சூரியன் இனித்தான் மறையப் போகின்றது என்றே எவரும் நினைப்பர். உண்மையில் அந்தக் கணத்தில் சூரியன் முழுவதுமாக அடிவானத்துக்குக் கீழே சென்றுவிட்டது. நாம் பார்ப்பது வளிமண்டலம் உயர்த்திக் காட்டும் அதன் தோற்றத்தையே.

வெற்றிடத்திலிருந்து வரும் ஒளி, கீழே வரவர அடர்த்தி கூடும் வளிக்குள் நுழைந்து சிறிது சிறிதாகப் பூமியின் பக்கம் வளைகின்றது. கண்ணுக்கோ இந்த வளைவு தெரியாது. ஒளி கடைசியாக எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அங்கேதான் பொருள் இருப்பதாக அது கொள்ளும். தலைக்கு நேர் மேலே இந்த முறிவு இல்லை. அடிவானத்தில் ஒளி மிக நீண்ட தூரம் வளிக்குள்ளால் வருவதால் அது சராசரியாக 0.57 பாகை. சூரியனின் அகலமோ ஏறத்தாழ 0.53 பாகைதான். ஆகவே முழுச் சூரியனும் மேலே தூக்கப்பட்டுவிடுகின்றது.

நிமிடக் கணக்கில் பார்ப்போம். வானம் மணிக்கு 15 பாகை, அதாவது நிமிடத்துக்குக் கால் பாகை சுழல்கின்றது. இலங்கை நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும். எனவே 0.57 பாகை என்பது இரண்டேகால் நிமிடம். காலையிலும் இதே அளவு முந்தி உதிக்கின்றது. இதனுடன், உதயமும் மறைவும் சூரியனின் நடுப்புள்ளியை அல்லாது மேல் விளிம்பை வைத்தே கணிக்கப்படுகின்றன. இரண்டும் சேர்வதால், இரவும் பகலும் சமம் என்று பாடசாலையில் படித்த மார்ச் நாளிலும் கொழும்பில் பகல் 12 மணித்தியாலத்தைவிட 6, 7 நிமிடம் நீளம்.

மறையும் சூரியன் நசுங்கித் தெரிவதும் இதனாலேயே. கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட அதிகமாக உயர்த்தப்படுகின்றது.

ஆனால் 0.57 என்பது சராசரி மட்டுமே. குளிர்ந்த வளி தரையோடு படிந்து, அதன் மேல் வெப்பமான வளி நின்றால் ஒளி மிக அதிகமாக வளையும். 1597 ஜனவரியில், ஆர்க்டிக்கின் நோவயா செம்லியா தீவில் சிக்கியிருந்த ஒல்லாந்த மாலுமிகள், எதிர்பார்த்த நாளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகவே சூரியனைக் கண்டனர். நாடு திரும்பியபோது பலர் அதை நம்பவில்லை.

விண்மீன் மினுங்குவதும் இதே முறிவால்தான். ஆனால் இங்கே முறிவு நிலையாக இருப்பதில்லை. வெப்பமும் குளிருமான வளித்திரள்கள் ஓயாது கலைவதால், ஒளியின் பாதை வினாடிக்குப் பல தடவை மாறுகின்றது. விண்மீன் நமக்கு வெறும் புள்ளி என்பதால் அதன் ஒளி முழுவதும் ஒன்றாகக் கூடிக் குறையும். வியாழன் போன்ற கோள்களுக்குச் சிறிய வட்டம் உண்டு. ஒரு புள்ளி மங்கும்போது இன்னொன்று பிரகாசிப்பதால் அவை பெரும்பாலும் மினுங்குவதில்லை. அடிவானத்துக்கு மிக அருகில் மட்டும் அவையும் சற்று நடுங்கும். அந்த இடத்தில் இந்த அடையாளத்தை நம்ப வேண்டாம்.

டிசம்பர் இரவில் கிழக்கே எழும் சீரியஸைப் பாருங்கள். தாழ்வாக இருக்கையில் சிவப்பும் நீலமுமாகத் துடிக்கும். நிறத்துக்கு நிறம் முறிவு சற்று வேறுபடுவதே காரணம். நள்ளிரவில் அது உயர வந்ததும் பெரும்பாலும் வெண்மையாகவே ஒளிரும்.