இணையத்தை மறிப்பது எந்த மென்பொருள்?

வைஃபை இணைந்திருக்கிறது. அதே வைஃபையில் போனில் வீடியோ ஓடுகிறது. லேப்டாப்பில் மட்டும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. உடனே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடக் கிளம்ப வேண்டாம். நாம் நிறுவிய மென்பொருள் ஏதாவது இணையத்தை மறிக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஆன்டிவைரஸும் விபிஎன்னும் பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று, வருவதையும் போவதையும் கையாள்பவை. அவற்றில் கோளாறு வந்தால் மொத்த வழியும் அடைபடும். ஐகானை வலது சொடுக்கி நிறுத்தினாலும், அடியில் அவை பதித்த வடிகட்டி இயங்கிக்கொண்டே இருக்கலாம். அதனால்தான் சேஃப் மோடு தேவைப்படுகிறது. அதில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும். ‘நெட்வொர்க்கிங்’ சேர்ந்த வகையில் இணையத்துக்குத் தேவையானதும் ஏறும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வழி ஒன்றுதான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே Restart கொடுங்கள். நீலத்திரையில் Troubleshoot, Advanced options, Startup Settings என்று போய் மறுபடி Restart. வரும் பட்டியலில் 5-ஐ அழுத்துங்கள். 4 என்பது இணையம் இல்லாத சேஃப் மோடு. அதை அழுத்தினால் சோதனையே வீண். வட்டில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். அதை முன்பே எடுத்து வையுங்கள். பின் எண் ஏற்காமலும் போகலாம் என்பதால் கணக்கின் கடவுச்சொல்லும் தெரிந்திருக்கட்டும்.

திரையின் மூலைகளில் Safe Mode என்ற எழுத்து தெரியும். சில லேப்டாப்களில் இந்த நிலையில் வைஃபை வராது. அதை வைத்து முடிவு கட்டாமல், ரவுட்டரிலிருந்து லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள்.

இப்போது பக்கங்கள் திறந்தால், வழக்கமாக விண்டோஸோடு சேர்ந்து கிளம்பும் ஏதோ ஒன்றுதான் மறிக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். திறக்கவில்லை என்றால் மென்பொருள்மீது தவறே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு விபிஎன் ப்ராக்ஸி முகவரியை மாற்றிவிட்டுப் போயிருந்தால், அந்த மாற்றம் சேஃப் மோடிலும் அப்படியே இருக்கும். செட்டிங்ஸில் Proxy பகுதியைத் திறந்து, நீங்கள் வைக்காத முகவரி இருந்தால் அணைத்துவிடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் அங்கே கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

உதாரணமாக, லேப்டாப்போடு வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் காலாவதியாகிக் கிடக்கிறது. சேஃப் மோடில் இணையம் வருகிறது. முதல் சந்தேகம் அதன்மீதுதான். ஆனால் அங்கேயே நீக்கப் பார்த்தால் பல மென்பொருள்கள் பிழை காட்டும், ஏனென்றால் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை அங்கே ஓடாது. சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து, வழக்கமான நிலைக்குத் திரும்பி நீக்குங்கள். மறுபடி ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் தன் சொந்த டிஃபெண்டரைத் தானாகவே இயக்கிக்கொள்ளும். இணையம் இன்னும் வரவில்லை என்றால் அடுத்து விபிஎன்னை இதேபோல் நீக்கிப் பாருங்கள்.