நாட்டுப்பண்ணுக்கு முன் 3 நிமிடம்

நிறுவனத்தின் ஆண்டு விழா அழைப்பிதழில் நன்றியுரை கடைசிக்கு முந்தைய வரியில் இருக்கும். அதற்குக் கீழே நாட்டுப்பண் மட்டும்தான். 6 மணி விழா ஆறரைக்குத் தொடங்கியிருக்கும். தலைவர் உரை நீண்டிருக்கும். பரிசு வாங்கிய ஒவ்வொருவரும் குடும்பத்தோடு மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நன்றி சொல்பவர் ஒலிவாங்கி முன் வரும்போது முன்வரிசை கடிகாரம் பார்க்கும், பின்வரிசையில் பிள்ளைகள் அம்மா மடியில் தூங்கியிருப்பார்கள், பந்திக் கூடத்திலிருந்து வாசனை வந்துகொண்டிருக்கும்.

இந்த நிலையில் யார் கேட்கப் போகிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் இருக்கிறார்கள். தன் பெயர், தன் பிரிவின் பெயர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். மூன்று வாரமாக வேலை முடிந்த பிறகும் தங்கி மேடை வேலை பார்த்த எலக்ட்ரீஷியன், தலைவரின் 40 நிமிடப் பேச்சில் ஒரு வாக்கியத்தைக்கூட நினைவில் வைத்திருக்க மாட்டார். நன்றியுரையில் தன்னை விட்டுவிட்டதை அடுத்த ஆண்டு விழா வரை மறக்க மாட்டார்.

மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 தமிழ்ச் சொற்கள் வரும். 3 நிமிடம் என்றால் 240 முதல் 300 சொல். கைதட்டலுக்கு நிறுத்த வேண்டியதையும் சேர்த்தால் ஒரு பக்கத் தாளுக்கு மேல் இடம் இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பட்டியல் வரும். அதில் முப்பது பெயர் இருக்கும். முப்பது பேருக்கும் பதவியும் பட்டமும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ‘நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று வாசித்தால் பத்து நிமிடம் போய்விடும். ஐந்தாவது ‘நெஞ்சார்ந்த’வுக்கு மேல் எந்த நெஞ்சும் அதில் இருக்காது.

ஒரு கற்பனை விழாவை வைத்தே பார்ப்போம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று. விழா ஒரு கல்யாண மண்டபத்தில். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் முதல்வர். நன்றி சொல்லும் பொறுப்பு ஸ்டோர்ஸ் பிரிவின் உதவி மேலாளருக்கு வந்திருக்கிறது. மேடைப் பழக்கம் இல்லாதவர். ஆனால் யார் எப்போது என்ன கேட்டு வாங்கிப் போனார்கள் என்பது ஸ்டோர்ஸ்காரருக்குத் தெரியும். நன்றியுரைக்கு அது நல்ல தகுதி.

அவர் முதலில் செய்ய வேண்டியது, கையில் இருக்கும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘என்ன செய்தார்’ என்று எழுதுவது. மேடை அமைத்தது பராமரிப்புப் பிரிவு. குடும்பங்களை ஊரிலிருந்து அழைத்து வந்தது வேன் ஓட்டுநர்கள். நடனமும் நாடகமும் போட்டது வைண்டிங் பிரிவுப் பெண்கள். எதிரே எழுத ஒன்றும் இல்லாத பெயர்கள் சில தேறும். மரியாதைக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். ‘மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர்கள்’ என்ற ஒரே சொற்றொடரில் அவர்கள் அடங்கிவிடுவார்கள். மற்றவர்களைக் குழுவாகச் சேர்த்து, குழுவுக்கு ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டால் முப்பது பெயர் ஆறு வாக்கியமாகச் சுருங்கும்.

அடுத்தது, பட்டியலில் இல்லாதவர்களைத் தேடுவது. இதற்கு விழாவுக்கு முந்தைய நாள் மண்டபத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஒரு நடை போய் வர வேண்டும். விழா நடக்கும் அதே மாலையில் வாசலில் காவல் இருப்பவர் யார், ஷிப்டை விட்டு வர முடியாதவர்கள் யார் என்று விசாரித்தால், வரமுடியாதவர்களின் வரிசை ஒன்று கிடைக்கும். நம் உதவி மேலாளருக்கு ஃபவுண்டரி இரவு ஷிப்டில் இருக்கும் ஆட்கள் அப்படிக் கிடைத்தார்கள்.

விருந்தினருக்கான பத்தியை மட்டும் முழுதாக எழுதிவைக்கக் கூடாது. தாளில் நான்கு வரி வெற்றிடம் விட்டு, விழாவில் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்னதில் ஒன்றை அங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நாளே எழுதி எடுத்துவரும் ‘கருத்துச் செறிவுமிக்க தங்கள் உரை’ எந்த விருந்தினருக்கும் பொருந்தும் என்பது அந்த விருந்தினருக்கும் தெரியும். அவர் ஊர் ஊராக மேடை ஏறுபவர். அதை எத்தனையோ முறை கேட்டிருப்பார்.

இனி உதவி மேலாளர் பேசியது:

“விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர்களே, உடன் பணிபுரியும் நண்பர்களே, அவர்களுடைய குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அழைப்பை ஏற்று வந்து சிறப்புரை ஆற்றிய முன்னாள் முதல்வர் ஐயா அவர்களுக்கு நிறுவனத்தின் சார்பில் முதல் நன்றி. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக ராத்திரியில் கண்விழித்திருந்து மோட்டார் போடப் போகும் விவசாயியைப் பற்றிச் சொன்னீர்கள். இருட்டில் அவர் நம்பிக் கைவைக்கும் பொருளைத்தான் நாம் செய்கிறோம் என்றீர்கள். எங்கள் சோதனைப் பிரிவில் இதை எழுதி மாட்டலாம் என்று இருக்கிறோம். தங்கள் அனுமதி வேண்டும்.

தலைமை ஏற்ற நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு நன்றி. சென்ற ஆண்டு இதே மேடையில் பெண் ஊழியர்களுக்கு வேன் விடுவதாகச் சொன்னீர்கள். இன்று பல குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தது அந்த வேன்களில்தான்.

25 ஆண்டுப் பணிக்கான விருது பெற்றவர்களைத் தலைவர் பாராட்டிவிட்டார். நான் அவர்களுடைய வீட்டாருக்கு நன்றி சொல்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கு 25 வருடம் கதவு திறந்துவிட்டவர்கள் நீங்கள்.

மேடை அமைத்த பராமரிப்புப் பிரிவினருக்கும், வேலை முடிந்த பிறகு தங்கி ஒத்திகை பார்த்த வைண்டிங் பிரிவுச் சகோதரிகளுக்கும், ஒலி ஒளி அமைத்தவர்களுக்கும், காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் சமையல் குழுவினருக்கும், வேன் ஓட்டுநர்களுக்கும் நன்றி.

இந்த மண்டபத்தில் இல்லாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். நாம் இங்கே விழா கொண்டாடும் இந்த நேரத்தில் ஃபவுண்டரியில் உலைமுன் நிற்கும் பத்துப் பேருக்கும், தொழிற்சாலை வாசலில் இருக்கும் காவலர்களுக்கும் உங்கள் கைதட்டல் போய்ச் சேரட்டும்.

கடைசி வரை அமர்ந்திருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.”

நிதானமாகப் படித்தால் இது மூன்று நிமிடத்துக்குள் முடியும். ‘நன்றி’ என்ற சொல் பல இடத்தில் வந்தாலும் சலிக்காததற்குக் காரணம், ஒவ்வொரு நன்றியும் வேறொரு காரியத்தைச் சுட்டுகிறது. நிர்வாக இயக்குநருக்குச் சொன்னதைப் பாருங்கள். ‘தொழிலாளர் நலனில் தணியாத அக்கறை கொண்ட’ என்று தொடங்கியிருந்தால் மண்டபம் அதை முகஸ்துதி என்றே எடுத்திருக்கும், இயக்குநரும் கூச்சத்தில் நெளிந்திருப்பார். வேன் கண்ணுக்குத் தெரிந்த விஷயம், அதில் வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவேளை வேன் வராமலிருந்தால் அந்த வரியைச் சொல்லக் கூடாது. நன்றியுரையில் குத்திக்காட்டுவது எங்கேயும் எடுபட்டதில்லை.

சம்பிரதாயம் எவ்வளவு வேண்டும் என்பது பலருக்கும் குழப்பம். விளிப்பில் பதவி வரிசை தவறக் கூடாது, ‘அவர்கள்’ விடுபடக் கூடாது. அமைச்சர் வந்தால் ‘மாண்புமிகு’, நீதிபதி வந்தால் ‘மாண்பமை’. இந்த மரியாதை தொடக்கத்தில் முறையாக வந்துவிட்டால், உள்ளே வாக்கியங்கள் சாதாரணத் தமிழில் இருக்கலாம். பெயரைச் சொல்வதாக இருந்தால் முன்னெழுத்தையும் உச்சரிப்பையும் அவருடைய உதவியாளரிடம் கேட்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்வது உத்தமம். அழைப்பிதழை நம்பக் கூடாது, அதிலேயே பிழை இருக்கும்.

நேரம் ஓடிவிட்டால் எதை வெட்டுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். அவசரத்தில் எல்லாரும் வெட்டுவது கடைசிப் பத்திகளை. அதாவது சமையல்காரர், ஓட்டுநர், காவலர். விருந்தினர் பேச்சைச் சுருக்கிச் சொல்லும் பகுதியை வெட்டலாம், இயக்குநருக்கான வாக்கியத்தைப் பாதியாக்கலாம். அவர்களுக்கு வரவேற்புரையிலேயே பாராட்டும் பொன்னாடையும் வந்து சேர்ந்துவிட்டன. மற்றவர்களுக்கு அன்றைய விழாவில் இருப்பது இந்த ஒரு வாக்கியம்தான்.

விருந்தினர் பாதியில் கிளம்புவதும் நம் விழாக்களில் சகஜம். அவர் எழும்போது தொகுப்பாளர் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட வேண்டும், நினைவுப் பரிசும் அப்போதே தரப்பட வேண்டும். பிறகு நன்றியுரையில் காலி நாற்காலியைப் பார்த்து ‘ஐயா, தாங்கள் சொன்னீர்கள்’ என்று பேசினால் கூட்டம் சிரிக்கும். ‘சொன்னார்’ என்று மாற்றிக்கொண்டால் போதும்.

‘யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்’ என்ற வழக்கமான முடிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. விடுபட்டவருக்கு அது ஆறுதல் தருவதில்லை, விடுபட்டதைக் கவனிக்காதவர்களையும் யார் அது என்று தேட வைக்கிறது. அப்படி ஒருவர் விடுபட்டது மறுநாள் தெரிந்தால் அவருடைய இருக்கைக்கே போய்ச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று, சாப்பாட்டு அறிவிப்பு. ‘அனைவரும் இரவு உணவு அருந்திச் செல்லவும்’ என்பதை நன்றியுரையோடு சேர்த்துச் சொல்லச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் பின்வரிசை நாற்காலிகள் நகரத் தொடங்கும், செருப்புச் சத்தம் எழும், சுமார் 52 விநாடி நாட்டுப்பண்ணுக்குப் பாதிக் கூட்டம் வாசலுக்கு நடந்தபடியே தடுமாறி நிற்கும். நாட்டுப்பண் முடிந்து ஒரு மூச்சு விட்ட பிறகு, பந்திக் கூடம் எந்தப் பக்கம், எத்தனை வரிசை என்பதைத் தொகுப்பாளர் சொல்லட்டும்.