பூட்டி வைத்த பதினொரு யூனிட்

2022 மார்ச்சில் ஆடி நிறுவனம், தன் பழைய இ-ட்ரான் 55 கார்களை வைத்திருப்பவர்களுக்கு இலவச மென்பொருள் மாற்றம் ஒன்றை அறிவித்தது. சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்தால் ஒரு சார்ஜில் 20 கிலோமீட்டர் வரை கூடுதலாக ஓடும் என்றார்கள். பேட்டரியைக் கழற்றவில்லை, புதிதாக ஒரு செல்கூடச் சேர்க்கவில்லை. கூடுதல் மின்சாரத்துக்கான இடம் கார் ஆலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே உள்ளேதான் இருந்தது. ஓட்டுபவர் கையில் அதைக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காரின் தரைக்கு அடியில் 432 லித்தியம் செல்கள் உள்ளன. நான்கு நான்காகப் பக்கம் பக்கமாக இணைத்து, அப்படி 108 தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். ஒரு செல் 60 ஆம்பியர்-மணி என்பதால் நான்கும் சேர்ந்து 240. வரிசை முழுவதற்கும் சராசரியாக 396 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 95,040 வாட்-மணி. வீட்டு மின்கணக்கில் சொன்னால் 95 யூனிட். இதுதான் மொத்தக் கொள்ளளவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதும் இதுதான். ஆனால் திரையில் 100 சதவீதம் காட்டும் நேரத்திலிருந்து 0 காட்டும் வரை அந்தக் கார் முதலில் எடுத்துக்கொண்டது 83.6 யூனிட் மட்டுமே. மீதி 11.4 யூனிட்டில் ஒரு பங்கை மேல் முனையிலும் ஒரு பங்கைக் கீழ் முனையிலும் தொடாமல் விட்டுவைத்திருந்தது. திரையில் தெரியும் நூறும் பூஜ்யமும் செல்லின் உண்மையான நூறும் பூஜ்யமும் அல்ல.

மேல் முனையில் எதற்கு இடம் விட வேண்டும்? இவ்வகைச் செல்லின் உச்ச வோல்டேஜ் ஏறக்குறைய 4.2. அதை நெருங்க நெருங்க உள்ளிருக்கும் திரவம் நேர்முனையோடு வினைபுரிந்து மெல்லச் சிதைகிறது. எதிர்முனையில் இருப்பது கிராஃபைட். அதன் அடுக்குகளுக்குள் லித்தியம் நுழைந்து உட்கார வேண்டும். கிட்டத்தட்ட நிரம்பிவிட்ட நிலையிலும் வேகமாக ஏற்றினால், நுழைய இடமில்லாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது. செல்லின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிரந்தரமாகக் குறையும். குளிரில் இது இன்னும் மோசம். உச்சியை எட்டாமல் முன்கூட்டியே நிறுத்தினால் இந்த இரண்டு தொல்லையும் குறையும். இன்னொரு வசதியும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். முழுதாக நிரம்பிய பேட்டரியால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. மேலே இடம் விடாத கார்களில் முழு சார்ஜோடு மலையிறக்கத்தில் கிளம்பினால் அந்த பிரேக்கிங் பலவீனமாக இருப்பதை உடனே உணரலாம்.

கீழ் முனையின் கதை வேறு. கடைசிச் சில சதவீதத்தில் செல்லின் வோல்டேஜ் செங்குத்தாக விழும். 108 தொகுதிகளும் ஒரே சங்கிலியில் இருப்பதால், அவற்றில் எது முதலில் தரைதட்டுகிறதோ அதுதான் முழுப் பேட்டரியின் எல்லை. மற்ற 107-லும் மின்சாரம் மிச்சமிருந்தாலும் பயனில்லை. ஒரு செல்லை மட்டும் அளவுக்கு மீறி வடிய விட்டால், கிராஃபைட்டைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்துவிடும். மேல் முனைச் சேதம் பல ஆண்டுகளில் ஊறி வருவது. இது ஒரே தவறில் செல்லை முடித்துவிடக்கூடியது.

பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தீர்ந்தால் குழாயை ரிசர்வுக்குத் திருப்புவோமே, அதைப்போல இந்தக் கீழ்ப்பங்கை நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பூஜ்யம் காட்டிய பிறகும் சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம் என்று பெருமை பேசுபவர்களும் உண்டு. கார் சில சமயம் ஓடும்தான். ஆனால் அதே கார் குளிரில், மேட்டில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பலவீனமான செல் சட்டென்று வோல்டேஜ் இறங்கி, எச்சரிக்கைக்குப் பிறகு அதிக நேரம் தராமல் நின்றுவிடலாம். அதைவிட ஆபத்து, 2 சதவீதத்தில் நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் ஊருக்குப் போய்விடுவது. கார் தூங்கும்போதும் உள்ளிருக்கும் மின்னணுக் கருவிகள் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும், 12 வோல்ட் பேட்டரிக்கும் பெரிய பேட்டரிதான் ஊட்ட வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே விட்டுவைத்த பங்கு அந்தச் செலவுக்கும் சேர்த்துத்தான்.

எவ்வளவு விடலாம் என்பதை எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அது நிறுவனத்தின் முடிவு. 2010 இறுதியில் வந்த செவ்ரோலே வோல்ட் இதில் அதீத ஜாக்கிரதை. 16 யூனிட் பேட்டரியில் 10 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் பயன்படுத்த விட்டது. பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார் அது. சிறிய பேட்டரி தினமும் முழுதாகத் தீர்ந்து முழுதாக ஏறும். எட்டு ஆண்டு உத்தரவாதமும் கொடுத்திருந்தார்கள். அப்படியானால் இவ்வளவு ஒதுக்கியதில் நியாயம் இருக்கிறது. ஆடி விட்டது 12 சதவீதம். பேட்டரி 80 சதவீதத்தை நெருங்கும் வரை 150 கிலோவாட் வேகத்தைத் தளராமல் தாங்கியது என்பது அந்தக் காருக்குக் கிடைத்த நல்ல பெயர். மேலே விட்ட இடம் அதற்கும் உதவியது. 2019 நவம்பர் கடைசியிலிருந்து ஆலையில் கட்டிய கார்களில் எல்லையைத் தளர்த்தி 86.5 யூனிட் ஆக்கினார்கள். அதற்கு முன் விற்றவற்றுக்குத்தான் 2022-ன் மென்பொருள் மாற்றம்.

இந்த ஒதுக்கீடு நிறுவனத்துக்கு இன்னொரு விதத்திலும் கைகொடுக்கக்கூடியது. செல்கள் வயதாகித் தேயும்போது, ஒதுக்கி வைத்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால், முதல் சில ஆண்டுகளுக்கு ரேஞ்ச் குறைந்ததே தெரியாது. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பழைய கார் வாங்குபவர், திரை காட்டும் ரேஞ்ச் புதிதாக இருந்ததைப் போலவே இருக்கிறது, எனவே பேட்டரி தேயவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

வாங்கும்போது கேட்க வேண்டியது பயன்படும் கொள்ளளவு எவ்வளவு என்பதை. சில நிறுவனங்கள் அதை மறைப்பதில்லை. ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி.3-ஐ 58 யூனிட் என்று விற்றது. உள்ளே இருப்பது 62. பேட்டரியின் மேல் அச்சிட்ட மொத்த எண்ணை ரேஞ்சோடு வகுத்துப் பார்த்து இரண்டு கார்களை ஒப்பிட்டால், அதிகம் ஒதுக்கி வைத்த கார் வீணாக மின்சாரம் குடிப்பதாகத் தோன்றும்.

வீட்டிலேயே தோராயமாகச் சோதிக்கலாம். 10 சதவீதத்திலிருந்து 90 வரை ஏற்றி, சார்ஜருக்கான மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்று பாருங்கள். புதுப்பித்த இ-ட்ரானில் 77 யூனிட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றும்போது வெப்பமாகப் போவது ஏறத்தாழ பத்தில் ஒன்று. அதைக் கழித்தால் பேட்டரிக்குள் போனது 69. அது 80 சதவீதம் என்றால் நூறுக்கு 86. இழப்பைக் கழிக்க மறந்து 77-ஐ அப்படியே 80-ஆல் வகுத்தவருக்கு 96 என்று விடை வரும். மொத்தக் கொள்ளளவும் தனக்கே கிடைக்கிறது என்று நம்பி அவர் நிம்மதியாகத் தூங்குவார்.