செல்லுக்குள் ஒரு கமா

ஒரு கணினிக் கடையின் இருப்புப் பட்டியல் இணையப் பக்க அட்டவணையாக இருக்கிறது. அதை சி.எஸ்.வி. கோப்பாக மாற்ற வேண்டும். நான்கு நெடுவரிசைகள்: எண், பொருள், வாங்கியவர் முகவரி, விலை. ஏழாவது வரிசையில் பொருள் 24" மானிட்டர், விலை 8,500. முகவரி செல்லில் "12, காந்தி தெரு" ஒரு வரியாகவும் "மதுரை" அடுத்த வரியாகவும் இருக்கின்றன. செல்களுக்கு நடுவே கமா போட்டு அப்படியே எழுதினால் இதுதான் கிடைக்கும்:

```
7,24" மானிட்டர்,12, காந்தி தெரு
மதுரை,8,500
```

முதல் வரியை எண்ணிப் பாருங்கள். சரியாக நான்கு துண்டுகள் இருக்கின்றன! அதனால் எந்த மென்பொருளும் முகம் சுளிக்காது. விலை நெடுவரிசையில் மட்டும் "காந்தி தெரு" போய் உட்கார்ந்திருக்கும். கீழே "மதுரை" தனி வரிசையாகிவிடும், 8 ஒரு செல்லிலும் 500 இன்னொரு செல்லிலுமாக. பிழைச் செய்தி வந்தாலாவது தேவலை. சத்தமில்லாமல் தப்பாகும் கோப்புதான் ஆபத்தானது.

இதற்கான வழக்கம் 2005இல் ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணமாக எழுதி வைக்கப்பட்டது. செல்லுக்குள் கமாவோ, இரட்டை மேற்கோள் குறியோ, வரி முறிவோ இருந்தால் அந்தச் செல்லை முழுவதுமாக இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு மேற்கோளையும் இரண்டாக எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி.

```
7,"24"" மானிட்டர்","12, காந்தி தெரு
மதுரை","8,500"
```

இப்போது இது பார்வைக்கு இரண்டு வரி, ஆனால் ஒரே வரிசை. மேற்கோள் திறந்திருக்கும்வரை கமாவுக்கும் வரி முறிவுக்கும் பிரிக்கும் வேலை கிடையாது. படிக்கும் மென்பொருள் "" என்ற ஜோடியைக் கண்டால் அதை ஒரு குறியாக எடுத்துக்கொள்ளும், தனியாக ஒன்று வந்தால் செல் முடிந்தது என்று புரிந்துகொள்ளும்.

இரண்டு வேலைக்கும் வரிசை உண்டு. முதலில் உள்ளிருக்கும் மேற்கோளை இரட்டிப்பாக்க வேண்டும், பிறகுதான் வெளியே அடைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வெளி மேற்கோளும் சேர்ந்து இரட்டித்து ""24"" மானிட்டர்"" என்று ஆகிவிடும். படிக்கும் மென்பொருள் அதன் தொடக்கத்தைத் திறந்த உடனே மூடிய வெற்று மேற்கோளாக நினைத்துக் குழம்பும். சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் வழுக்கும் இடம் இது. பைத்தானின் csv போன்ற தயார் நூலகம் இருக்கையில் கையால் ஒட்டவைப்பது வீண் வேலை என்பேன். பின்சாய்வுக் கோடு போட்டு \" என்று எழுதுவதும் இங்கே செல்லாது. சில தரவுத்தளங்கள் அதை ஏற்கும், எக்செல் ஏற்காது. கமாவுக்குப் பின் அழகுக்காக ஓர் இடைவெளி விட்டு மேற்கோளைத் தொடங்குவதும் தொல்லைதான். இடைவெளியும் தரவின் பகுதி, மேற்கோள் செல்லின் முதல் எழுத்தாக இருந்தால்தான் அதற்கு அதிகாரம்.

அந்த அதிகாரத்தால்தான் பெரிய சேதமும் வரும். ஒரு செல் மேற்கோளில் தொடங்கி மூடாமல் விடப்பட்டால், அடுத்த மேற்கோள் கிடைக்கும்வரை வரும் வரிசைகளையெல்லாம் அது விழுங்கிக்கொண்டே போகும். அனுப்பிய வரிசைகளில் பாதிதான் வந்திருக்கிறது, ஏதோ ஒரு செல்லில் மட்டும் பக்கம் பக்கமாக எழுத்து இருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

வரி முறிவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இணையப் பக்கத்தில் `<br>` இருந்தால் அது உண்மையான முறிவு. பக்கத்தின் மூல நிரலில், செல்லுக்கு நடுவே எழுதியவர் வசதிக்காக மடக்கிய வரி வெறும் இடைவெளி மட்டுமே. மாற்றும் கருவி முதலாவதைக் காப்பாற்றி, இரண்டாவதை ஒற்றை இடைவெளியாகச் சுருக்க வேண்டும். முறிவு அவசியமில்லை என்றால், முகவரிகளில் அதற்குப் பதில் கமா போட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் கோப்பை வரி வரியாகப் படிக்கும் எளிய கருவிகளுக்கு மேற்கோள் விதி தெரியாது. `wc -l` நம் ஏழாவது வரிசையை இரண்டாக எண்ணும், `sort` மதுரையைப் பிரித்து எங்கோ கொண்டுபோய்ப் போடும்.

சேமித்த கோப்பை அனுப்புமுன் விதி தெரிந்த மென்பொருளில் மறுபடி திறந்து, எல்லா வரிசையிலும் நான்கே செல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் உதாரணத்தின் முதல் வரிபோல எண்ணிக்கை தற்செயலாகப் பொருந்திவிடலாம் என்பதால், விலை நெடுவரிசையில் எழுத்து ஏதும் புகுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மேற்கோள் போட்டால் எண் எழுத்தாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. "00452" என்று அடைத்து அனுப்பினாலும், கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் முன்பூஜ்ஜியங்களை நீக்கி 452 என்றே காட்டும். பூஜ்ஜியம் வேண்டுமென்றால் டேட்டா பட்டியல் வழியாக இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வகை என்று குறிக்க வேண்டும்.