உங்கள் ஃபோன் எங்கே இருந்தது? டவர் பதிவு இடத்தைக் கணிக்கும் விதம்

ஜெர்மனியின் பசுமைக் கட்சி அரசியல்வாதி மால்ட்டே ஷ்பிட்ஸ், தன் கைப்பேசி பற்றி டாய்ச்ச டெலிகாம் நிறுவனம் சேர்த்து வைத்திருந்த பதிவுகளைத் தனக்கே தர வேண்டும் என்று வழக்குப் போட்டார். கைக்கு வந்தது 35,830 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை. 2009 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2010 பிப்ரவரி வரையிலான ஆறு மாதம், ஒரு நாளைக்குச் சுமார் 200 வரிகள். அவ்வளவு பேர் அவரை அழைக்கவில்லை; ஃபோன் தானாகவே மின்னஞ்சலைத் தேடி இணையத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஒரு வரி விழுந்திருந்தது.

ஒவ்வொரு வரியிலும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அது அழைப்பா குறுஞ்செய்தியா இணையமா என்ற விவரம், ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, ஒரு திசை, செல் எண் ஆகியவை இருந்தன. இந்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஷ்பிட்ஸ் நின்ற இடத்துக்கு உரியவை அல்ல. அவர் ஃபோனுக்குச் சேவை தந்த ஆன்டெனா நின்ற இடத்துக்கு உரியவை. டவர் பதிவைப் பற்றிய பெரும்பாலான குழப்பம் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதிலிருந்துதான் வருகிறது.

ஃபோன் சும்மா பையில் இருக்கும்போது, பல டவர்கள் சேர்ந்த ஒரு பெரிய பகுதிக்குள் அது எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே நெட்வொர்க்குக்குத் தெரியும். அழைப்பு வந்தாலோ இணையம் ஓடினாலோ அது குறிப்பிட்ட ஒரு செல்லுடன் இணைகிறது. அப்போதுதான் அந்தச் செல்லின் எண் பதிவில் ஏறுகிறது. அந்த எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடும் நிறுவனக் குறியீடும் சேரும். இந்தியாவுக்கு 404, 405 என்ற நாட்டுக் குறியீடுகள் உண்டு. இவை எல்லாம் சேர்ந்தால் உலகில் எந்த ஆன்டெனா என்று சொல்லிவிடலாம். ஜிபிஎஸ் இதற்குத் தேவையே இல்லை. ஃபோனில் ‘லொகேஷன்’ வசதியை அணைத்து வைத்தாலும் இந்தப் பதிவு விழும்.

ஒரு டவரில் பொதுவாக மூன்று பக்கம் பார்த்த ஆன்டெனாக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 டிகிரி அகலத்துக்கு, விரித்த விசிறி போன்ற பரப்பை மூடும். நகரத்துக்குள் ஒரு செல் 600 மீட்டர் வரை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விசிறியின் பரப்பு 0.38 சதுர கிலோமீட்டர். பல தெருக்கள் அதற்குள் அடங்கும். வயல்வெளிக்கு நடுவே உள்ள டவர் எட்டும் தூரம் 5 கிலோமீட்டர் என்றால் பரப்பு 26 சதுர கிலோமீட்டருக்கு மேல் போகும். பல கிராமங்கள் அதில் வரலாம். நிறுவனத்தின் பதிவு உண்மையில் சொல்வது, ‘இந்த நேரத்தில் இந்த விசிறிக்குள் எங்கோ’ என்பதைத்தான்.

விசிறிக்குள் தூரத்தைச் சற்றுக் குறுக்கலாம். ஃபோனின் சிக்னல் டவரை அடைய எடுக்கும் நேரத்தை நெட்வொர்க் அளந்தபடியே இருக்கிறது. இல்லாவிட்டால் பல ஃபோன்களின் சிக்னல்கள் ஒன்றோடொன்று மோதிவிடும். ‘டைமிங் அட்வான்ஸ்’ எனப்படும் இந்த அளவு 2ஜியில் சுமார் 550 மீட்டர் படிகளாக வரும், 4ஜியில் சுமார் 78 மீட்டர் படிகளாக வரும். 2ஜியில் அது 3 என்று காட்டினால், ஃபோன் டவரிலிருந்து ஏறத்தாழ 1,650 முதல் 2,200 மீட்டருக்குள், வளைந்த ஒரு பட்டையில் இருக்கிறது. ஆனால் இது நெட்வொர்க்கின் உள்வேலைக்கான அளவு. கட்டணத்துக்காகச் சேமிக்கப்படும் அழைப்புப் பதிவில், அதாவது போலீஸ் வழக்கில் சொல்லும் ‘சிடிஆர்’-இல், வழக்கமாக இருப்பது அழைப்பு தொடங்கிய செல்லின் எண்ணும் முடிந்த செல்லின் எண்ணும்தான்.

இந்த இடத்தில்தான் ஒரு தவறு நுழைகிறது. வரைபட மென்பொருள் விசிறியை வரையாமல் ஒரு புள்ளி வைக்கும். அதை டவர் மீதே வைக்கும், இல்லையென்றால் விசிறியின் நடுவே, டவர் எட்டும் தூரத்தில் பாதியைச் சற்றுத் தாண்டி வைக்கும். நீதிமன்றத்தில் அந்தப் புள்ளியைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு வீட்டு வாசல் போலத் தெரிகிறது. மேலும், ஃபோன் மிக அருகிலுள்ள டவரைப் பிடிப்பதில்லை, நன்றாகக் கேட்கும் டவரைத்தான் பிடிக்கும். நடுவில் ஒரு பெரிய கட்டடம் மறித்தாலோ, அருகிலுள்ள செல் நெரிசலில் இருந்தாலோ, ஏரிப் பரப்பின் மேல் சிக்னல் தடையின்றிப் பாய்ந்தாலோ, தூரத்து டவர் பதிவில் வந்துவிடும்.

டென்மார்க்கில் 2019-இல் டவர் பதிவைக் கையாள்வதில் நேர்ந்த தவறுகள் பெரும் நெருக்கடியாயின. நிறுவனங்கள் தந்த மூலத் தரவைப் போலீசுக்கு ஏற்றபடி மாற்றிய கணினி அமைப்பு, பல வரிகளை விட்டுவிட்டிருந்தது. சில ஃபோன்கள் தவறான டவரோடு இணைக்கப்பட்டிருந்தன. சில ஃபோன்கள் வெகு தூரம் விலகிய டவர்களில் ஒரே நேரத்தில் இருந்ததாகக் காட்டின. அந்நாட்டு அரசுத் தரப்பு வழக்கறிஞர் அமைப்பு, கைப்பேசித் தரவை ஆதாரமாகக் காட்டுவதை இரண்டு மாதம் நிறுத்திவைத்து, 2012 முதலான 10,700 வழக்குகளை மறுபடி ஆராய்ந்தது. காவலில் இருந்த 32 பேர் விடுவிக்கப்பட்டார்கள்.

ஒரு வரி இவ்வளவு தெளிவற்றது என்றால் கவலை எதற்கு என்று கேட்கலாம். வரிகள் சேரும்போது அந்தத் தெளிவின்மை கரைந்துபோகிறது. இரவு தோறும் ஒரே விசிறி வந்தால் வீடு இருக்கும் பகுதி தெரிந்துவிடும். பகலில் திரும்பத் திரும்ப வரும் விசிறி வேலையிடத்தைச் சொல்லும். வாரத்துக்கு ஒருமுறை வரும் மூன்றாவது விசிறியில் ஒரு பெரிய மருத்துவமனை இருந்தால், அங்கே எதற்குப் போகிறார் என்ற கேள்வி தானாக எழும். 2013-இல் இவ்-அலெக்ஸாண்டர் தெ மோந்த்ஜுவா முதலிய ஆய்வாளர்கள் 15 லட்சம் பேரின் 15 மாத டவர் பதிவுகளைப் பெயர் நீக்கிய நிலையில் ஆராய்ந்தார்கள். நேரமும் டவரும் சேர்ந்த நான்கே புள்ளிகள் போதும், அவர்களில் 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று தெரிந்தது. ‘பெயரை நீக்கித்தான் தருகிறோம்’ என்ற உறுதி இத்தகைய தரவில் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் கார்பென்டர் வழக்கில் இதையே எதிர்கொண்டது. போலீஸ் 127 நாட்களுக்கான 12,898 இடக் குறிப்புகளை, நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் நிறுவனங்களிடமிருந்து வாங்கியிருந்தது. ஏழு நாளோ அதற்கு மேலோ இத்தகைய பதிவைப் பெற வாரண்ட் வேண்டும் என்று 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

இந்தியாவில் அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை மாற்றப்பட்டது; அதற்கு முன் ஓராண்டாக இருந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனாலும் சிடிஆர் கேட்டுப் பெற நீதிபதியின் வாரண்ட் கட்டாயமில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி காவல்துறையே எழுத்து மூலம் கேட்கலாம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குற்ற விசாரணைக்கான பயன்பாட்டுக்குத் தன் கடமைகளில் பலவற்றிலிருந்து விலக்கு தருகிறது. யாருடைய பதிவு கேட்கப்பட்டதோ அவருக்குப் பிற்பாடாவது தகவல் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் இல்லை. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்தாவது அறிவிக்க வேண்டும் என்ற ஒரு விதி, இந்தப் பதிவுகளைக் கேட்கும் கையைச் சற்று நிதானிக்க வைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டவர் பதிவு உங்களுக்கு எதிராகவே ஒரு வழக்கில் வந்தால், வழக்கறிஞர் கேட்க வேண்டியது புள்ளி வைத்த வரைபடத்தை அல்ல. நிறுவனத்திடமிருந்து வந்த மூல வரிகளையும், சம்பவ நாளில் அந்த ஆன்டெனா எந்தத் திசை பார்த்திருந்தது என்ற விவரத்தையும் கேட்க வேண்டும். ஆன்டெனாக்களை நிறுவனங்கள் திருப்பி வைப்பதுண்டு, இடம் மாற்றுவதும் உண்டு. இன்றைய பட்டியலை வைத்து இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரியைப் படித்தால், ஆள் போகாத ஊருக்கு அது அவரைக் கொண்டுபோய்விடும்.